சோமநாத்தில் அறை பதிவதற்கு முன்: விடுதியின் சொந்தத் தளம் எது என்று எப்படித் தெரியும்?

2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. புண்ணியத் தலங்களுக்குப் போகிறவர்களைக் குறிவைத்து விடுதி அறை, வாடகைக் கார், ஹெலிகாப்டர் பயணம் ஆகியவற்றின் பெயரில் போலி இணையதளங்களும் ஃபேஸ்புக் பக்கங்களும் வாட்ஸ்அப் கணக்குகளும் கூகுள் விளம்பரங்களும் நடமாடுகின்றன என்பது அதன் சாரம். பொதுவாக எச்சரித்ததோடு நிற்காமல் சரியான தள முகவரிகளையும் அந்த அறிவிப்பு கொடுத்தது. கேதார்நாத் ஹெலிகாப்டருக்கு heliyatra.irctc.co.in. சோமநாத் அறக்கட்டளையின் விருந்தினர் இல்லங்களுக்கு somnath.org.

ஒரு கோயில் அறக்கட்டளையின் தள முகவரியை உள்துறை அமைச்சகம் சொல்லித் தரவேண்டிய நிலை ஏன் வந்தது? சோமநாத் குஜராத்தின் கடற்கரையில், வெராவலை ஒட்டிய பிரபாஸ் பட்டணத்தில் இருக்கிறது. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. ராமேஸ்வரமும் அந்தப் பன்னிரண்டில் சேர்ந்தது என்பதால் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் அங்கே போகிறார்கள். போகிறவர்களுக்கு ஊர் தெரியாது, குஜராத்தி தெரியாது, விசாரிக்க அங்கே ஆளும் கிடையாது. கோயிலுக்குப் பக்கத்தில் அறக்கட்டளை நடத்தும் சாகர் தர்ஷன், லீலாவதி, மாகேஸ்வரி ஆகிய இல்லங்களின் பெயர்கள் மட்டும் யார் மூலமாவது காதில் விழுந்திருக்கும். அந்தப் பெயரைத் தேடுபொறியில் தட்டுவார்கள். மோசடிக்காரன் காத்திருப்பது அந்த இடத்தில்தான்.

“முன்பதிவுத் தளத்தில் பார்த்ததை விடுதியின் சொந்தத் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்” என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. சரியான அறிவுரைதான், ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. விடுதியின் சொந்தத் தளம் எது என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முதல் தளத்தைக் காட்டிய அதே தேடல் பக்கம்தான் இரண்டாவதையும் காட்டியது என்றால், ஒரே ஆளிடம் இரண்டு தடவை விசாரித்ததாகத்தான் ஆகும். போலித் தளம் வைத்திருப்பவன் ஒன்றோடு நிற்பதில்லை. ‘முன்பதிவுத் தளம்’ ஒன்று, ‘அதிகாரப்பூர்வத் தளம்’ ஒன்று, அதே கைபேசி எண்ணோடு ஒரு ஃபேஸ்புக் பக்கம் என்று மூன்றையும் அவனே போட்டுவைக்கலாம். மூன்றும் அச்சாக ஒத்துப்போகும். அதனால் விடுதியின் தளத்துக்குப் போகும் பாதை, முன்பதிவுத் தளத்தின் பட்டியலுக்கு வந்த பாதையிலிருந்து வேறாக இருக்க வேண்டும். ஒப்பிடுவது அதற்குப் பிறகுதான்.

வேறு பாதையில் போவது

சோமநாத்தைப் பொறுத்தவரை அந்தப் பாதை எளிது. விருந்தினர் இல்லத்தின் பெயரைத் தேடாமல் அதை நடத்தும் அமைப்பிலிருந்து தொடங்கலாம். முகவரிப் பட்டையில் somnath.org என்று நாமே தட்டி, அங்கிருந்து அறைப் பதிவுப் பக்கத்துக்குப் போனால் போதும். தேடுபொறி நடுவில் வரவே தேவையில்லை.

மற்ற இடங்களுக்கும் இதே முறையைப் பின்பற்றலாம். பல ஊர்களில் கிளை உள்ள ஹோட்டல் என்றால் குழுமத்தின் முதன்மைத் தளத்துக்குப் போய், அதன் கிளைப் பட்டியலில் அந்த ஊரைத் தேட வேண்டும். மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி என்றால் கழகத்தின் தளத்திலிருந்து போக வேண்டும். தனியார் லாட்ஜாக இருந்தால் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கும். ஏற்கெனவே தங்கி வந்த ஒருவரிடம் இருக்கும் பில்லோ விசிட்டிங் கார்டோதான் அங்கே மிகச் சிறந்த சான்று. அது கிடைக்காவிட்டால் வரைபடச் செயலியில் அந்த விடுதியைத் திறந்து, தங்கியவர்கள் போட்ட படங்களைப் பார்க்கலாம். வாசல் பெயர்ப்பலகை, அறைக்கதவில் ஒட்டிய விலைப்பட்டியல், சாப்பாட்டு பில் என்று எதிலாவது தொலைபேசி எண்ணோ தள முகவரியோ தெரியும். நாலைந்து வருட இடைவெளியில் வெவ்வேறு ஆட்கள் எடுத்த படங்களில் ஒரே எண் இருந்தால் அதை நம்பலாம்.

அதே செயலியில் விடுதியின் பெயருக்குக் கீழே தெரியும் எண்ணையும் இணைப்பையும் மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த விவரங்களுக்குப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். விடுதிக்காரர் தன் பக்கத்தை உரிமை கோராமல் விட்டிருந்தால், வேறு யாரோ கொடுத்த எண் அங்கே உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. தேடல் முடிவுகளின் தலையில் Sponsored என்ற சொல்லோடு வருபவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். உண்மையான ஹோட்டல்களும் அங்கே விளம்பரம் செய்கின்றன என்பதால் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே போலி என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் முதலிடத்தில் வந்தது என்பதற்காக ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

முகவரியை வலமிருந்து படிப்பது

அடுத்து முகவரியைப் படிக்க வேண்டும். இதை இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தளத்துக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். 2023 ஏப்ரலில் தேவஸ்தானத்தின் தளத்தைப் போலவே ஒரு போலித் தளம் கண்டுபிடிக்கப்பட்டு, அதன்மேல் வழக்குப் பதிவானது. அதற்கு முன்பே 40 போலித் தளங்கள்மீது வழக்கு இருந்ததால் இது 41ஆவது. அப்போதைய உண்மையான முகவரியும் போலி முகவரியும் இவை:

```
tirupatibalaji.ap.gov.in
tirupatibalaji-ap-gov.org
```

கண்ணை ஓட்டினால் இரண்டும் ஒன்றுதான். எழுத்துகளும் கிட்டத்தட்ட அவையே. மேலே இருப்பதில் புள்ளிகள், கீழே இருப்பதில் இணைகோடுகள். வித்தியாசம் முழுவதும் அந்தப் புள்ளிகளில் இருக்கிறது. https:// என்ற தொடக்கத்தை விட்டுவிட்டால், முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன் முடியும் கடைசித் துண்டுகள்தான் உரிமையாளரைச் சொல்கின்றன. முதல் முகவரி ap.gov.in என்று முடிகிறது. gov.in என்ற முடிவை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். கடையில் வாங்குவதுபோல யாரும் வாங்கிவிட முடியாது. இரண்டாவது முகவரி .org என்று முடிகிறது. அதற்கு முன்னால் இருக்கும் tirupatibalaji-ap-gov முழுவதும் ஒரே சொல், வெறும் பெயர். சில நூறு ரூபாய் கொடுத்தால் எவரும் பதிந்துகொள்ளலாம். இணைகோடு எதையும் பிரிப்பதில்லை. புள்ளிதான் பிரிக்கிறது.

இதையே திருப்பிப் போட்டும் ஏமாற்றுவார்கள். somnath.org.example.com என்று ஒரு முகவரி வந்தால் அதன் தொடக்கத்தில் சரியான பெயரே இருக்கிறது. ஆனால் அது example.com வைத்திருப்பவருடையது. முன்னால் ஒட்டிய somnath.org, அவர் தன் வீட்டுக்குள் ஓர் அறைக்கு வைத்த பெயர். கைபேசியில் முகவரிப் பட்டை குறுகலாக இருப்பதால் பல நேரம் ஒரு பகுதிதான் கண்ணில் படும். முகவரியைத் தொட்டு முழுவதையும் விரித்துப் பார்க்காமல் பணம் கட்டும் பக்கத்துக்குப் போகக் கூடாது.

சொந்தத் தளத்தின் முகவரியே மாறிவிடும் சிக்கலும் உண்டு. தேவஸ்தானத்தின் தளம் 2024 தொடக்கத்தில் ttdevasthanams.ap.gov.in என்று மாறியது. பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்தவர் புதியதைப் பார்த்தால் இதுதான் போலியோ என்று திகைத்திருப்பார். வலப்பக்கத்து ap.gov.in மாறவே இல்லை என்பதைக் கவனித்திருந்தால் குழப்பம் தீர்ந்திருக்கும். தனியார் விடுதிகளுக்கு இந்த வசதி கிடையாது. அவை .com, .in என்று எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். அங்கே உதவுவது பெயர் பதிவான தேதி. lookup.icann.org என்ற பக்கத்தில் .com, .org போன்ற முகவரிகளைத் தட்டினால் அது எந்த நாளில் பதியப்பட்டது என்று தெரியும். இருபது வருடமாக நடக்கும் லாட்ஜின் ‘அதிகாரப்பூர்வத் தளம்’ ஐந்து வாரத்துக்கு முன்னால்தான் பிறந்திருக்கிறது என்றால் அங்கே பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு விசாரிக்க வேண்டும். லாட்ஜ் புதிதாகத் தளம் தொடங்கியிருக்கவும் கூடும். அப்படியானால் பழைய எண்ணில் பேசுகிறவர் அதைச் சொல்லிவிடுவார்.

பூட்டுச் சின்னத்தையும் https என்பதையும் வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். நம் கைபேசிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். தளத்தை நடத்துவது யார் என்று அது சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகக் கிடைப்பதால் போலித் தளங்களிலும் அது இருக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே குரோம் உலாவி 2023இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு சின்னம் போட்டது.

எது ஒத்துப்போனால் பொருள் உண்டு

இப்போது இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்து வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் பட்டியல், மறுபக்கம் வேறு பாதையில் வந்து சேர்ந்த விடுதியின் தளம். பெரும்பாலோர் முதலில் படங்களைப் பார்ப்பார்கள். படங்கள் ஒத்துப்போவதால் எதுவும் உறுதியாகாது. உண்மையான விடுதியின் படங்களைத்தான் போலிக்காரன் திருடிப் போடுவான். முகவரி, கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், உணவக விவரம், விருந்தினர் பாராட்டு எல்லாமே பிரதி எடுக்கக்கூடியவை. இவை ஒத்துப்போனால் ‘யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஒத்துப்போகாமல் இருந்தால் கதை வேறு. பார்த்து எழுதுகிறவன் எங்காவது தவறுவான். விடுதியின் தளத்தில் இரண்டு வகை அறைகள் இருக்க, பட்டியலில் ‘ராயல் ஸ்வீட்’ என்று மூன்றாவதாக ஒன்று முளைத்திருக்கும். விடுதியில் அறைக்கு இரண்டு பேர், கூடுதல் மெத்தை ஒன்று என்ற விதி இருக்க, பட்டியலில் ஐந்து பேர் என்று இருக்கும். வருகை நேரம் ஒன்றில் பகல் 12, இன்னொன்றில் ‘24 மணி நேரமும்’ என்றிருக்கும். கோயில் அறக்கட்டளை இல்லங்களில் அடையாள அட்டை, எத்தனை நாள் தங்கலாம், எவ்வளவு முன்னதாகப் பதியலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடுகள் இருப்பது வழக்கம். போலிக்காரனுக்கு அவையெல்லாம் இடைஞ்சல். எந்தத் தேதியைக் கேட்டாலும், திருவிழா நாளாக இருந்தாலும், அவனிடம் அறை இருக்கும். விடுதியின் சொந்தத் தளத்தில் அந்தத் தேதிக்கு இடமில்லை என்று காட்டும்போது வேறிடத்தில் நாலு அறை காலியாகக் கிடப்பது கிட்டத்தட்ட முடிவான அறிகுறி. சுற்றுலா முகவர்கள் முன்கூட்டியே அறைகளை வாங்கி வைப்பது ஹோட்டல் தொழிலில் உண்டு என்பதால் ‘கிட்டத்தட்ட’ என்கிறோம். சந்தேகம் இருந்தால் விடுதியிடமே கேட்டுவிடலாம்.

விலையில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய முன்பதிவுத் தளங்கள் விடுதியிடமிருந்து கமிஷன் எடுக்கின்றன. நூற்றுக்கு 15 முதல் 25 வரை என்பது சாதாரணம். அதனால் விடுதியின் தளத்துக்கும் பெரிய தளத்துக்கும் ஓரளவு வித்தியாசம் இருப்பது இயல்பு. விழாக்கால சலுகை சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பாதி விலை என்பதற்கு மட்டும் இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆனால் கவனியுங்கள்: கைதேர்ந்த மோசடிக்காரர்கள் பாதி விலை போடுவதில்லை. விடுதியின் உண்மையான விலையையே போடுகிறார்கள், சந்தேகம் வராது என்பதற்காக. ஆகவே விலை சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம்.

பிரதி எடுக்க முடியாதவை என்று பார்த்தால் மூன்றுதான் தேறுகின்றன. தள முகவரியின் வலப்பக்கம் ஒன்று. விடுதியின் மேசையில் மணியடிக்கும் தொலைபேசி இன்னொன்று. பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கின் பெயர் மூன்றாவது.

பணம் யாருக்குப் போகிறது

ஒரு சம்பவத்தை அடி அடியாகப் பார்ப்போம். இது கற்பனைக் குடும்பம். தொகையும் கணக்குக்காக வைத்ததுதான். ஆனால் நடக்கும் விதம் புகார்களில் திரும்பத் திரும்ப வருவது. ஆறு பேர், இரண்டு அறை, இரண்டு இரவு. தேடலில் கிடைத்த பக்கத்தில் கோயில் படம், விருந்தினர் இல்லத்தின் பெயர், ஒரு கைபேசி எண். கூப்பிட்டால் இந்தியில் மரியாதையாகப் பேசுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அறைப் படங்கள் வருகின்றன. முகப்புப் படத்தில் அறக்கட்டளையின் சின்னம். அறைக்கு 1,800 ரூபாய், நாலு அறை-இரவுக்கு 7,200, வரி 5 சதவீதம் 360, மொத்தம் 7,560. பாதி முன்பணம், 3,780. க்யூஆர் குறியீடு வருகிறது. கட்டியதும், “கணினியில் பதிவு முழுமையாகவில்லை, மீதி 3,780-ஐயும் அனுப்பினால் ரசீது வரும், இல்லையேல் முழுத்தொகையும் தானாகத் திரும்பிவிடும்” என்கிறார்கள். அதையும் அனுப்பினால் “தொகை ஒரே தவணையாக வரவில்லை, 7,560-ஐ மொத்தமாக அனுப்புங்கள், முதலில் அனுப்பியது திரும்ப வந்துவிடும்.” இந்த இரண்டாவது, மூன்றாவது கேட்பில்தான் பெரும்பணம் போகிறது. கட்டியதைக் காப்பாற்ற இன்னும் கட்டுகிறார்கள்.

இதில் நிறுத்தக்கூடிய இடம் க்யூஆரை ஸ்கேன் செய்ததும், ரகசிய எண்ணைத் தட்டுவதற்கு முன்னால் வரும் அந்த ஒரு நொடி. 2025 ஜூன் 30-க்குள் எல்லா யுபிஐ செயலிகளும் பணம் பெறுபவரின் பெயரை வங்கிப் பதிவில் உள்ளபடியே காட்ட வேண்டும் என்று தேசியக் கொடுப்பனவுக் கழகம் உத்தரவிட்டது. அதற்கு முன் வாடிக்கையாளர் தானாக வைத்துக்கொண்ட பெயரோ, க்யூஆருக்குள் எழுதிய பெயரோ தெரிய வாய்ப்பிருந்தது. இப்போது திரையில் வருவது வங்கி சொல்லும் பெயர். அறக்கட்டளைக்குப் பணம் கட்டுகிறோம் என்று நினைக்கையில் திரையில் ஒரு தனிமனிதரின் பெயர் தெரிந்தால் அங்கேயே வெளியே வந்துவிட வேண்டும். “அவர் எங்கள் கணக்காளர்”, “மேலாளரின் கணக்கு” என்று விளக்கம் வரும். அறக்கட்டளையோ பதிவுபெற்ற ஹோட்டல் நிறுவனமோ அறை வாடகையைக் கணக்காளரின் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை.

சிறிய லாட்ஜ்களில் இது இவ்வளவு நேராக இருக்காது. உரிமையாளர் பெயரிலேயே கணக்கு இருக்கும், அது முறையானதும்கூட. அங்கே ஜிஎஸ்டி எண் கைகொடுக்கும். ரசீதில் அல்லது தளத்தில் இருக்கும் 15 எழுத்து எண்ணை services.gst.gov.in தளத்தின் வரிசெலுத்துவோர் தேடலில் போட்டால் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பவை தெரியும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: குஜராத்துக்கு 24, தமிழ்நாட்டுக்கு 33. சோமநாத்தில் இருக்கும் லாட்ஜின் எண் வேறு மாநிலத்து இலக்கத்தில் தொடங்கினால் ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்த பத்து எழுத்துகள் பான் எண். அதன் நான்காவது எழுத்து P என்றால் தனிநபர், F கூட்டு நிறுவனம், C கம்பெனி, T அறக்கட்டளை. போலிக்காரன் உண்மையான விடுதியின் எண்ணையே தன் ரசீதில் போட்டுக்கொள்ளலாம் என்பதால், எண் செல்லுபடியாகிறது என்பது மட்டும் போதாது. ஜிஎஸ்டி தளம் காட்டும் சட்டப்படியான பெயரும் யுபிஐ திரை காட்டும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணைத் திருடலாம், ஆனால் அந்தப் பெயரில் வங்கிக் கணக்கைத் திருடுவது கடினம். விற்றுமுதல் வரம்புக்குக் கீழே இருக்கும் குட்டி லாட்ஜ்களுக்கு ஜிஎஸ்டி எண்ணே இருக்காது. அவர்களிடம் ‘போய்ச் சேர்ந்ததும் கட்டுகிறோம்’ என்று சொல்வதுதான் நல்லது.

வரி விகிதமும் சின்ன துப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. மொத்தத் தொகையை வைத்து இது கணக்கிடப்படுவதில்லை, ஓர் அறையின் ஒரு நாள் வாடகையை வைத்துத்தான். 1,800 ரூபாய் அறைக்கு ஒருவர் 18 சதவீதம் கேட்டால் அவருக்கு ஹோட்டல் தொழில் தெரியவில்லை என்று அர்த்தம். பழைய 12 சதவீதம் எங்காவது தெரிந்தால் தளத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். அதற்காக மட்டும் பயப்பட வேண்டியதில்லை.

பெரிய தளத்தில் பதிந்தாலும்

நாடறிந்த முன்பதிவுத் தளத்தில் பதிந்தால் இந்தச் சோதனைகள் தேவையில்லை என்று தோன்றும். அங்கே ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது. பட்டியல் உண்மை, விடுதி உண்மை, பதிவும் உண்மை. ஆனால் விடுதிக்காரரின் கணக்கைத் திருடன் கைப்பற்றியிருப்பான். புக்கிங்.காம் பெயரில் விடுதி ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பி அவர்களின் கணினியில் தீநிரல் ஏற்றும் ஒரு தாக்குதல் 2024 டிசம்பரிலிருந்து நடப்பதாக மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் விவரமாக எழுதியது. இப்படிக் கடவுச்சொல் கைமாறிவிட்டால் திருடனுக்கு நம் பெயர், தங்கும் தேதி, கட்டிய தொகை எல்லாம் தெரியும். அந்தத் தளத்தின் உரையாடல் பெட்டிக்குள்ளேயே, விடுதியின் பெயரில் செய்தி வரும்: “உங்கள் கார்டு உறுதியாகவில்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் சரிபாருங்கள், இல்லையேல் பதிவு ரத்து.”

இங்கே பட்டியலை விடுதித் தளத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை, எல்லாமே ஒத்துப்போகும். ஒரே வழி, விடுதியின் தளத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுவது. செய்தியில் கொடுத்த எண் வேண்டாம். பெரும்பாலான முன்பதிவுத் தளங்கள் பதிவு முடியும்வரை விடுதியின் எண்ணைக் காட்டுவதில்லை. முடிந்தபின் உறுதிச்சீட்டில் வரும். அந்த எண்ணும் விடுதித் தளத்தின் எண்ணும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளலாம். ஊரின் எஸ்டிடி குறியீட்டோடு தரைவழி எண் இருந்தால் அதையே கூப்பிடுங்கள். சோமநாத், வெராவல் பகுதிக்கு 02876. கைபேசி எண்ணை எங்கிருந்தும் எடுக்கலாம், தரைவழி எண் பெரும்பாலும் அந்த ஊரில்தான் அடிக்கும். சிறு லாட்ஜ்கள் பல தரைவழித் தொலைபேசியை விட்டுவிட்டன என்பதும் உண்மை. இல்லாததைக் குற்றமாக எடுக்க முடியாது.

கூப்பிடும்போது விவரத்தை நாமே ஒப்பிக்காமல் அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும். “இன்ன தேதிக்கு இன்ன பெயரில் பதிவு இருக்கிறதா” என்று மட்டும் கேட்டு, எத்தனை அறை, எத்தனை இரவு, எந்தத் தளம் வழியாக வந்தது, பணம் கட்டியாகிவிட்டதா அங்கே கட்ட வேண்டுமா என்பதை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். விடுதியின் சொந்தப் பதிவு எண் என்று ஒன்று இருந்தால் குறித்துக்கொள்ளலாம். முன்பதிவுத் தளம் கொடுத்த எண்ணும் அதுவும் வேறாக இருப்பது சாதாரணம். பதிந்த பத்து நிமிடத்தில் கூப்பிட்டு “இல்லை” என்ற பதில் வந்தால் பதற வேண்டாம். பெரிய ஹோட்டல்களில் பதிவு தானாக அவர்கள் கணினிக்குப் போய்விடும். சிறிய இடங்களில் யாராவது மின்னஞ்சலைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இடைத்தரகர்கள் இருவர் மூவர் கைமாறும் பதிவுகளில் விருந்தினர் பெயர் விடுதிக்குக் கடைசி நாட்களில்தான் போய்ச் சேரும். அதனால் மறுநாள் ஒரு முறை, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு முறை என்று கூப்பிடுவது சரியாக இருக்கும். இரண்டாவது முறையும் பதிவு இல்லை என்றால் முன்பதிவுத் தளத்திடம் எழுத்தில் கேட்டு, இலவசமாக ரத்து செய்யும் கெடு முடிவதற்குள் முடிவெடுக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் கூப்பிட வேண்டியது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் 1930. வங்கிக்கும் சொல்ல வேண்டும், ஆனால் 1930-ல் பதிவானால்தான் பணம் போன கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாண்டுவதற்குள் வங்கிகள் சேர்ந்து முடக்க முடியும். மோசடிக்காரர்கள் பணத்தைச் சில மணி நேரத்தில் பிரித்து எடுத்துவிடுவதால் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண், நேரம், தொகை, பெற்றவரின் யுபிஐ முகவரி ஆகியவை கையில் இருக்க வேண்டும். பிறகு cybercrime.gov.in தளத்தில் எழுத்துப் புகார். போலித் தளத்தின் பக்கங்களையும் வாட்ஸ்அப் உரையாடலையும் முகவரிப் பட்டை தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். புகார் போனதும் தளம் மறைந்துவிடும். பணம் கட்டாமல் தப்பியவர்களும் அந்த எண்ணையும் முகவரியையும் sancharsaathi.gov.in தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம்.